விவாத இழை: இவ்வளவு விற்கும் காதல் நாவலை விமர்சகர்கள் ஏன் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை?

வண்ணநிலா:
எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசும் குழு ஒன்று இருக்கிறது. வரும் வருடத்துக்குப் பட்டியல் போடும்போது, ஒரு மாதத்துக்கு ரமணிசந்திரன் நாவல் ஒன்றை வைக்கலாமே என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் சிரிப்பு. "நாம பொழுதுபோக்குக்குப் படிக்கிற குரூப் இல்லையே" என்றார் ஒருவர். அதே பட்டியலில் இரண்டு துப்பறியும் நாவல்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு யாரும் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்று இரவே சிரித்தவர்களில் இருவர் தனித்தனியாக எனக்கு வாட்ஸாப்பில் "உங்ககிட்ட பழைய ஆர்.சி. நாவல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் இதே கதைதான். அதிகம் விற்கும் புனைவு வகைகளில் ஒன்று, ஆனால் மதிப்புரை என்று தேடினால் கிடைப்பதில்லை. ஏன்?

சேகர்_கோவை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுதுவது பெண்கள், படிப்பது பெண்கள், விமர்சனம் எழுதுவது ஆண்கள். முடிந்தது விஷயம்.

ஸ்ரீநிதி2001:
சிஸ், ஆர்.சி. மேம் நாவல் பிடிஎஃப் லிங்க் யாரிடமாவது இருந்தால் போடுங்க ப்ளீஸ். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன், ட்ரெயினில் படிக்கணும்.

வண்ணநிலா:
ஸ்ரீநிதி, இது அந்த இழை இல்லைம்மா. 🙂

புத்தகப்புழு74:
சேகர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி வியாபாரத்தில் இருக்கிறது. முப்பது வருடம் புத்தக விநியோகத்தில் இருந்தவன், அதனால் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதல் நாவலுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். 1908-இல் லண்டனில் இரண்டு பேர் தொடங்கியபோது அது காதல் நாவல் பதிப்பகமே இல்லை. எல்லாம் போட்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனை இங்கிலாந்தில் போட்டதுகூட அவர்கள்தான். 1930-களில் வியாபாரம் தள்ளாடியபோது எது நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்தார்கள். காதல் கதை ஓடியது. எங்கே ஓடியது என்பதைக் கவனியுங்கள். புத்தகக் கடையில் இல்லை, வாடகை நூலகத்தில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சுருட்டுக்கடை, பத்திரிகைக் கடை ஓரத்தில் ஓர் அலமாரி இருக்கும், இரண்டு பென்ஸ் கொடுத்தால் புத்தகம் எடுத்துப் போகலாம். அந்த அலமாரிக்காக எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்டார்கள். வாசகி ஆசிரியர் பெயரையோ நாவல் பெயரையோ கேட்கவில்லை. "புதுசா பழுப்பு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

விமர்சகர் தேவைப்படாமல் போன இடம் அதுதான். மதிப்புரை எதற்கு? தெரியாத புத்தகத்துக்குக் காசு கொடுக்கப் பயப்படுகிறவருக்கு "நம்பி வாங்கலாம்" என்று சொல்வதற்கு. பழுப்பு அட்டையே அதைச் சொல்லிவிட்டது. அடுத்து என்ன வருகிறது என்பதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே போட்டுவிட்டார்கள். பதிப்பாளர் செய்தித்தாள் இலக்கியப் பக்கத்தின் வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. தன்னிடம் வந்து நிற்காதவனை விமர்சகர் மதிப்பாரா?

கலா_ஈரோடு:
சார், பழுப்பு அட்டை விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 1988-லிருந்து பதினாறு வருடம் வீட்டு முன்னறையில் லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். மாத நாவல்தான் முக்கால்வாசி. ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் ஒரு ரூபாய், வாடகை நோட்டில் பெயர், தேதி, அவ்வளவுதான்.

என்னிடம் வந்தவர்கள் தலைப்பை நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாத் தலைப்பிலும் நிலவோ தென்றலோ இருக்கும், எப்படி நினைவு வைக்க முடியும்? அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. படித்து முடித்ததும் புத்தகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் பென்சிலால் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். தையல் டீச்சர் ஒருவர் தன் வீட்டுக் கதவு எண் 47 என்பதால் 47-ஆம் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். பேங்க்கில் வேலை பார்த்த இன்னொருவர் 12-ஆம் பக்கத்தில் டிக். புத்தகத்தை எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள், குறி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்கள். சில புத்தகங்களில் பத்துப் பதினைந்து பேருடைய குறி இருக்கும். எந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல, நானே குறிகளை எண்ணிப் பார்ப்பேன். எங்கள் ஊர் மதிப்புரை அதுதான்.

இளங்கோ_மா:
கலா அம்மா சொன்னது அருமை. ஆனால் அதிலேயே விமர்சகரின் பதிலும் இருக்கிறதே. படித்தோமா இல்லையா என்றே நினைவில்லாத புத்தகத்தை எதற்காக விமர்சிக்க வேண்டும்? ஏழை நாயகி, பணக்கார நாயகன், இடையில் ஒரு தவறான புரிதல், கடைசியில் கல்யாணம். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிகிறது. வாய்பாட்டை ஒப்பிப்பது இலக்கியம் ஆகாது.

புழு சாரின் வியாபார விளக்கமும் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. 1969-இல் ராணிமுத்து மாத நாவல் தொடங்கியபோது முதல் இதழ் அகிலனின் பொன்மலர். ஒரு ரூபாய், மலிவுத் தாள், பெட்டிக்கடைத் தொங்கல். அதனால் அகிலனின் மதிப்பு குறைந்துவிட்டதா? 1975-க்கான ஞானபீடம் அவருக்குத்தானே கிடைத்தது. வடிவம் குற்றவாளி இல்லை, உள்ளே இருக்கும் சரக்குதான்.

வண்ணநிலா:
வாய்பாடுதான் குற்றம் என்றால் துப்பறியும் நாவல்? பிணம், சந்தேகப்படும்படி ஆறு பேர், கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கம். அது வாய்பாடு இல்லையா?

புத்தகப்புழு74:
இளங்கோ, அகிலன் உதாரணம் நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகிலன் மாத நாவலுக்குள் வரும்போதே பெயரோடு வந்தார், 1963-லேயே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். மாத நாவலிலேயே பிறந்து மாத நாவலிலேயே வளர்ந்தவருக்கு அந்தப் பாதை திறக்கவில்லை.

வண்ணநிலா கேட்டது முக்கியமான கேள்வி, என் விளக்கம் இடறும் இடமும் அதுதான். துப்பறியும் நாவலும் மலிவுப் பதிப்பில் வந்தது, வாடகை நூலகத்தில் ஓடியது. ஆனால் அதற்கு விமர்சகர் கிடைத்தார். டோரதி சேயர்ஸ் 1930-களின் நடுவில் லண்டன் சண்டே டைம்ஸில் வாராவாரம் குற்றப் புனைவுகளுக்கு மதிப்புரை எழுதினார். நியூயார்க் டைம்ஸில் ஆன்டனி பவுச்சர் 1951 முதல் 1968-இல் சாகும் வரை அதற்கென்றே ஒரு பத்தி நடத்தினார். இருவருமே அந்த வகையில் கதை எழுதியவர்கள். "இது வாய்பாடு" என்று அவர்கள் தள்ளவில்லை. "அதே வாய்பாட்டை இவர் எப்படித் திருப்புகிறார்?" என்று பார்த்தார்கள். நாற்பது வருடம் அப்படிப் பேசினால் ஒரு வகைக்கு மதிப்பு தானாக வந்துவிடும். காதல் நாவலுக்கு அப்படி ஒரு பத்தி அன்று யாரும் தரவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்டால் சேகரின் பதிலுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

சேகர்_கோவை:
அதைத்தானே சார் நான் ஒரு வரியில் சொன்னேன்!

புத்தகப்புழு74:
ஒரு வரியில் சொன்னதால்தான் பாதி என்றேன். பெண்களும் திட்டியிருக்கிறார்கள் தம்பி, நன்றாகவே திட்டியிருக்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் பெண்தானே? 1856-இல் பெண் நாவலாசிரியர்களின் அசட்டு நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அவர்களைக் கிழித்திருக்கிறார். பேரழகி, எல்லா மொழியும் தெரிந்தவள், எல்லா ஆண்களும் அவள் காலடியில், இப்படி வரும் நாயகிகளைக் கேலி செய்தார். அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. இந்த மாதிரிப் புத்தகங்களை வைத்துப் பெண்கள் எழுதினாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. 1970-இல் ஜெர்மெய்ன் கிரீர் பெண்ணிய நோக்கிலிருந்தே காதல் நாவலைத் தாக்கினார், பெண் தன் சங்கிலியைத் தானே முத்தமிடுகிறாள் என்ற தொனியில். ஆக, ஆண் விமர்சகர் அலட்சியப்படுத்தினார், பெண் விமர்சகர் எச்சரித்தார். இரண்டு பக்கமும் அடி.

தென்றல்_எழுதுகிறாள்:
ஆன்லைனில் எழுதுகிறேன், இதுவரை பதினோரு கதை. இந்த எச்சரிக்கை எங்களுக்கும் வருகிறது, நியாயமாகவும் வருகிறது. ஆன்டி ஹீரோ கதை என்று போட்டால் பார்வை எகிறுகிறது. நாயகன் அவளைக் கடத்துவான், மிரட்டித் தாலி கட்டுவான், அறைவான், பிறகு முப்பதாவது அப்டேட்டில், நாங்கள் சொல்லும் யூடியில், அழுவான். போன வருடம் நானும் ஒன்று எழுதினேன். ஒரு வாசகி தனிச்செய்தி அனுப்பினார்: "என் வீட்டுக்காரரும் அடிப்பார், ஆனால் அழ மாட்டார்." அதற்கு மேல் என்னால் அந்தக் கதையை எழுத முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னமும் "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விமர்சகர்கள் இதைத் தொட்டு எழுதினால் நான் வரவேற்பேன். அவர்கள் தொடுவதே இல்லை. படிக்காமலே மொத்தமாகக் குப்பை என்கிறார்கள். எது மோசம், எது நல்லது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால் மோசமானதும் நல்லதும் ஒரே கூடையில் கிடக்கின்றன.

இளங்கோ_மா:
தென்றல், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் வாசகிகள் அதைத்தானே கேட்கிறார்கள்?

புத்தகப்புழு74:
கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியை இதை வாசகிகளிடமே போய்க் கேட்டார், 1984-இல் புத்தகமாக வந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஓர் ஊர். அங்கே புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் மாதாமாதம் வரும் காதல் நாவல்களைப் படித்துத் தரம் பிரித்துச் செய்தி மடல் போடுவார். நம் கலா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நம்பி வாங்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேரிடம் ராட்வே கேள்வித்தாள் கொடுத்தார், பலரோடு உட்கார்ந்தும் பேசினார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான்" என்பதை அவர்கள் ஏற்கவில்லை. எந்த நாயகன் கொடூரன், எந்த ஆசிரியர் ஏமாற்றுவார் என்று கறாராகப் பிரித்தார்கள். நாயகியை வன்முறையாக நடத்தும் கதைகள் அவர்கள் ஒதுக்கிய பட்டியலில் இருந்தன. சிலர் வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார்கள். முடிவு முன்பே தெரிகிறது என்று விமர்சகர் குறை சொல்கிறார் அல்லவா? இவர்கள் அதை உறுதி செய்துகொண்டுதான் காசு கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் கதையைப் பற்றிக் குறைவாகவும் நேரத்தைப் பற்றி அதிகமாகவும் பேசினார்கள். நாள் முழுக்கப் பிள்ளைக்கும் கணவருக்கும் பார்த்துவிட்டு, கையில் புத்தகம் இருக்கும்போது மட்டும்தான் "இப்போது என்னைக் கூப்பிடாதே" என்று சொல்ல முடிகிறதாம்.

கலா_ஈரோடு:
இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா சார், என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் லைப்ரரிக்குக் கூட்டம் வரும். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம். மாத நாவலின் அளவே அதற்கு வெட்டினாற்போல இருக்கும், ஒரே மூச்சில் முடிக்கலாம்.

முத்துக்குமரன்_தமிழாசிரியர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். காதலைப் பாடுவது கீழானது என்று தமிழில் சொல்லவே முடியாது. சங்கப் பாடல்களில் பெரும்பங்கு அகம். இளங்கோ வாய்பாடு என்று குறை சொன்னார். அகத்தைவிடப் பெரிய வாய்பாடு எது? தலைவன், தலைவி, தோழி, செவிலி. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு. ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக்கூடச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். இவ்வளவு கட்டுக்குள் இருந்துகொண்டுதான் கபிலர் கபிலராக இருந்தார்.

இளங்கோ_மா:
ஐயா, இதை எதிர்பார்த்தேன். ஆனால் அகப்பாடல் முடிவை உறுதி தருவதில்லையே. ஒரு கணத்தில் நிறுத்திவிடுகிறது. பாலையில் போன தலைவன் திரும்பி வந்தானா என்று பல பாடல்கள் சொல்வதே இல்லை. காதல் நாவலோ "கடைசியில் சேர்த்துவைக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறது. கட்டுப்பாடு வேறு, உத்தரவாதம் வேறு.

முத்துக்குமரன்_தமிழாசிரியர்:
உத்தரவாதம் வேறு என்பது சரி. வாய்பாடு என்ற குற்றச்சாட்டையாவது விட்டுவிடுங்கள்.

இளங்கோ_மா:
விட்டுவிட்டேன். உத்தரவாதத்தை விடமாட்டேன். 🙂

வண்ணநிலா:
இளங்கோ சொன்ன உத்தரவாதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் கல்யாணத்தில்தான் முடிகின்றன. அவை இலக்கியம். அதாவது ஒரு காதல் கதை நன்றாக இருந்துவிட்டால் அதை "காதல் நாவல்" என்ற அலமாரியிலிருந்து எடுத்து "இலக்கியம்" என்ற அலமாரியில் வைத்துவிடுகிறோம். அப்புறம் பழைய அலமாரியைக் காட்டி, இங்கே நல்லதே இல்லை பார் என்கிறோம்.

இளங்கோ_மா:
ம். இது இடிக்கிறது. யோசிக்கிறேன்.

சேகர்_கோவை:
இப்போது நிலைமை மாறிவிட்டதா? நியூயார்க் டைம்ஸில் காதல் நாவலுக்கும் பத்தி வருகிறது என்று எங்கோ பார்த்தேன்.

புத்தகப்புழு74:
வருகிறது. அது வந்த விதத்தைச் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் அவர்கள் காதல் நாவல்களுக்குப் பெரிய தொகுப்பு மதிப்புரை போட்டார்கள். எழுதியவர் ராபர்ட் காட்லீப், பதிப்புலகின் பெரிய மனிதர், அப்போது வயது எண்பதுக்கு மேல். பல நாவல்களை எடுத்துக் கதைச் சுருக்கத்தைச் சிரிப்பு வரும்படி சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் என்ன தீர்ப்பு? இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பெண்கள் கனவு காணட்டுமே, ஆண்களுக்கு ஜேம்ஸ் பாண்ட் இல்லையா என்று முடித்தார். தலையில் தட்டிக்கொடுப்பது போல.

எழுத்தாளர்களும் வாசகர்களும் பொங்கிவிட்டார்கள். கதைச் சுருக்கம் சொன்னதல்ல அவர்கள் கோபம். இந்த நாயகிக்கும் அந்த நாயகனுக்கும் நடுவே இருக்கும் தடை வலுவானதா, அது உடையும் இடம் நம்பும்படி இருக்கிறதா, உரையாடல் எப்படி, இப்படி ஒரு கைவினையாகப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை என்பதுதான். துப்பறியும் நாவலுக்கு பவுச்சர் செய்ததை இதற்குச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு அதே பத்திரிகை, இந்த வகையை விரும்பிப் படிக்கும் ஒருவரிடம் பத்தியைக் கொடுத்தது. பவுச்சர் தொடங்கியது 1951, இது 2018. இடைவெளியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பத்தி வந்ததால் விற்பனை கூடியதா என்று கேட்காதீர்கள். அதற்கு முன்பே விற்றுக்கொண்டுதான் இருந்தது.

தென்றல்_எழுதுகிறாள்:
சார், தமிழில் அப்படி ஒரு பத்தி வந்தால் அதை யார் எழுதுவது? எங்கள் வட்டத்தில் ஒருவர் இன்னொருவர் கதையைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வாரம் அவருடைய கதைக்குக் கீழே பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். "சூப்பர் சிஸ்", "செம யூடி" தவிர வேறு கருத்துக்கு இடமில்லை. வெளியில் இருப்பவர் படிக்க மாட்டார், உள்ளே இருப்பவர் சொல்ல மாட்டார்.

புத்தகப்புழு74:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. இன்னொரு தடையும் இருக்கிறது. ஒரு வகையைப் பற்றி நிதானமாக எழுத வேண்டுமென்றால் பழைய புத்தகம் கையில் இருக்க வேண்டும். மாத நாவல் அடுத்த இதழ் வந்ததும் கடையிலிருந்து இறங்கிவிடும், மதிப்புரை எழுதி அச்சேறுவதற்குள் புத்தகம் சந்தையில் இருக்காது. 1971-இல் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தை வாங்கிய கனடாவின் ஹார்லெக்வினும் அப்படித்தான், சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு வரிசைக்குப் பக்கத்தில் மாதாமாதம் புதுசு வைத்துப் பழசை எடுத்தார்கள். அதன் தலைவரே பிராக்டர் அண்ட் கேம்பிளிலிருந்து வந்தவர்தான். சோப்புக்கு யாராவது மதிப்புரை எழுதுவார்களா?

சேகர்_கோவை:
கலா அக்கா, உங்கள் லைப்ரரி புத்தகங்கள் இப்போது எங்கே?

கலா_ஈரோடு:
2004-இல் மூடினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. நல்ல நாவல் என்று யார் யாரோ எடுத்துப் போனது போக மிச்சம் எடைக்குப் போட்டேன், கிலோ மூன்றரை ரூபாய். ஒரு அட்டைப்பெட்டி மட்டும் மாடியில் இருக்கிறது, எலி கடித்தது போக அறுபது எழுபது தேறும்.

முத்துக்குமரன்_தமிழாசிரியர்:
அம்மா, அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட வெகுசன அச்சுப் பொருள்களையும் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கலா_ஈரோடு:
பென்சில் குறியெல்லாம் இருக்கிறதே தம்பி, பரவாயில்லையா? அழித்துக் கொடுக்கணுமா?

புத்தகப்புழு74:
ஐயையோ, அழித்துவிடாதீர்கள்!

ஸ்ரீநிதி2001:
கலா ஆன்ட்டி, கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்றே ஒன்று? நான் ஈரோடு வழியாகத்தான் போகிறேன்.